தூண் நம்பர் ஞாபகம் இருக்கு, தளம்தான் இல்லை

என் மைத்துனர் சாவியைக் கையில் திணித்தபோது மணி நாலு. மாமனாரை அன்று காலை அவர்தான் காரில் கூட்டிவந்து அந்த மருத்துவமனையில் சேர்த்தார். இப்போது மாமியாரை வீட்டில் கொண்டுபோய் விட்டு, மாற்றுத் துணியும் ஃபிளாஸ்க்கும் எடுத்துவர வேண்டியது என் வேலை.

“கார் எங்க நிக்குது மாப்ளே?”

“சி-14 அத்தான். தூண்ல எழுதியிருக்கு, நல்லா ஞாபகம் இருக்கு.”

“எந்தத் தளம்?”

“ரெண்டு... ரெண்டுதான். ரெண்டாவது மாடிலேர்ந்து பாலம் வழியாத்தான் ஆஸ்பத்திரிக்குள்ள வந்தேன்.”

இரண்டாம் தளத்துக்குப் போனேன். சி-14 இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்விஃப்ட்டும் நின்றது. ஆனால் எங்களுடையது இல்லை.

அடுக்குமாடி பார்க்கிங்கில் கார் தொலைப்பவர்களில் பெரும்பாலோர் தொலைப்பது இடத்தை அல்ல, தளத்தை. இதற்கு மறதியைவிடக் கட்டடமே பெரிய காரணம். தூண்கள் அடித்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை ஒன்றன்மேல் ஒன்றாக நேராகப் போகின்றன. கட்டட வரைபடத்தில் குறுக்கே ஏ, பி, சி என்று எழுத்தும் நெடுக்கே 1, 2, 3 என்று எண்ணும் போட்டு, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நிற்கும் தூணுக்கு அந்தப் பெயரையே வைக்கிறார்கள். கட்டுகிற பொறியாளருக்கு வசதியான அந்தப் பெயர்தான் பிறகு பெயின்ட்டில் ஏறி நமக்கு முகவரியாகிறது. ஆகவே ஐந்து தளம் இருந்தால் ஐந்து சி-14 இருக்கும். ஐந்தும் ஒரே அகலம், ஒரே டியூப்லைட், ஒரே மஞ்சள் பட்டை. சில கட்டடங்களில் தளத்தின் எண்ணையும் சேர்த்து 4-சி-14 என்று எழுதுவார்கள். அங்கே இந்தத் தொல்லை பாதியாகிவிடும். எழுதாத இடங்களில் தூணை மட்டும் மனப்பாடம் செய்வது, வீட்டு எண்ணை வைத்துக்கொண்டு தெருவின் பெயரை விட்டுவிடுவது போல.

மைத்துனருக்கு “ரெண்டு” எங்கிருந்து வந்தது? கார் நின்றது வேறு தளத்தில். லிஃப்ட்டில் இறங்கிப் பாலம் இருந்த இரண்டாம் மாடிக்கு வந்து, அங்கிருந்து மருத்துவமனைக்குள் நுழைந்திருக்கிறார். காரிலிருந்து வார்டு வரைக்கும் அவர் கண்ணில் பட்ட எண்கள் எத்தனை இருக்கும்! பார்க்கிங் தளம், லிஃப்ட் பொத்தான், பாலம் இருந்த மாடி, வார்டு இருக்கும் மாடி, அறை எண், டோக்கன் எண். அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு இதில் எது தங்கும்? கடைசியாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்ட எண் தங்கும். அவருக்குப் பாலத்தின் எண் தங்கிவிட்டது.

தினமும் வருகிறவர்களுக்கு வேறு வகைச் சிக்கல். கேம்பிரிட்ஜில் ஒரு ஆய்வகத்தின் ஊழியர்களிடம், முந்தைய நாட்களில் காரை எங்கெங்கே நிறுத்தினார்கள் என்று கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1991-ல் வெளியானது. பின்டோவும் உளவியலாளர் ஆலன் பேட்லியும் செய்தது. கடைசியாக நிறுத்திய இடம் நன்றாக நினைவிருந்தது, அதற்கு முந்தைய நாட்களுடையது மங்கிக்கொண்டே போனது. நாளாகி அழிந்துபோவதைவிட, ஒரு நாளின் நினைவு இன்னொரு நாளின் நினைவோடு கலந்துவிடுவதே முக்கியக் காரணம் என்பது அவர்கள் முடிவு. பத்து நாள் அட்மிஷனில் இருக்கும் நோயாளியின் மகனுக்கு நடப்பது இதுதான். முதல் நாள் குழப்பமே இராது. நாலாம் நாள், நேற்று நிறுத்திய இடத்துக்கு முன்னால் போய்ச் சாவியை அழுத்திக்கொண்டு நிற்பார்.

இனி கட்டடத்துக்குள் போவோம். எல்லா அடுக்கு பார்க்கிங்கும் தட்டையான தளங்களை அடுக்கிவைத்தது அல்ல. இடம் நெருக்கடியான மனைகளில் அரைத்தள அமைப்பைக் கையாளுவார்கள். கட்டடத்தை நடுவில் வாழைப்பழம் போல நெடுக்கே பிளந்து, ஒரு பாதியை மட்டும் அரை மாடி உயர்த்தி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடி 3 மீட்டர் உயரம் என்றால், முழு மாடி ஏற 8-க்கு 1 சரிவில் 24 மீட்டர் நீள ராம்ப் தேவை. அரை மாடி என்றால் ஒன்றரை மீட்டர்தான் ஏற வேண்டும், 12 மீட்டர் போதும். ராம்ப் தின்னும் இடம் குறைகிறது, கார் நிற்கும் இடம் கூடுகிறது. கட்டுகிறவருக்கு லாபம்.

ஓட்டுகிறவருக்கு என்ன ஆகிறதென்றால், நாலாம் தளத்துக்குப் போக எட்டுச் சின்ன ராம்ப் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு வளைவு. எட்டையும் எண்ணிக்கொண்டு யாரும் ஓட்டுவதில்லை, எதிரே வரும் கார் மீது இடிக்காமல் போவதில்தான் கண் இருக்கும். நடக்கிறவருக்குத் தொல்லை வேறு விதம். லிஃப்ட் பெரும்பாலும் ஒரு பாதியில் மட்டும் நிற்கும். மறுபாதிக்கு ஏழெட்டுப் படி ஏறவோ இறங்கவோ வேண்டும். லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே “4” என்று பெரிதாக இருக்கும். ஆனால் உங்கள் கார் நாலரையில் நிற்கிறது. நாலாவதை முழுக்கச் சுற்றிப் பார்த்தும் கார் இல்லையென்று பயந்துபோனவர்கள் பலர், அந்த ஏழு படியைக் கவனிக்காதவர்கள்.

இன்னொரு வகையில் தளமே சரிவாக இருக்கும். சுமார் 20-க்கு 1 என்கிற மென்மையான சாய்வில் தரை சுற்றிச் சுற்றி மேலே போய்க்கொண்டே இருக்கும், இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். அங்கே ஒரு தளம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே பெயின்ட் அடித்தவர் முடிவு. ஆனால் தேடுவதற்கு இந்த வகை நல்லது. பெரும்பாலும் பாதை ஒன்றே ஒன்று, நடந்துகொண்டே இருந்தால் கார் எங்காவது வந்தாக வேண்டும்.

தளத்தின் பெயர் தனி ரோதனை. தரைக்கு மேலே உள்ள பார்க்கிங் தளங்களுக்குப் பார்க்கிங்கின் முதல் எழுத்து, தரைக்குக் கீழே உள்ளவற்றுக்குப் பேஸ்மென்ட்டின் முதல் எழுத்து. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டும் வேறு. தமிழ்க் காதுக்கும் தமிழ் எழுத்துக்கும் இரண்டுமே “பி”. போனில் “பி ரெண்டுல நிக்குது” என்று சொன்னால் இரண்டு மாடி ஏறுவதா, இரண்டு மாடி இறங்குவதா? “மேலே ரெண்டு”, “கீழே ரெண்டு” என்று சொல்லிப் பழகுவது நல்லது. போதாக்குறைக்கு, சில கட்டடங்களில் சுவரில் எழுதிய எண்ணும் லிஃப்ட் பொத்தானின் எண்ணும் ஒத்துப்போகாது. தரைத்தளத்தை ஒருவர் பூஜ்யமாக எண்ணியிருப்பார், இன்னொருவர் ஒன்றாக எண்ணியிருப்பார்.

சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். பிரதான பார்க்கிங்கில் ஒவ்வொரு தளத்துக்கும் அந்த ஊர் விளையாட்டு அணி ஒன்றின் பெயர்: புல்ஸ், பேர்ஸ், கப்ஸ் என்று. அணியின் சின்னமும் நிறமும் சுவரில் இருக்கும். மூன்றையும் நான்கையும் குழப்பிக்கொள்கிற மனம், காளையையும் கரடியையும் குழப்பிக்கொள்ளாது. நம்மூரில் நிறத்தோடு நின்றுவிடுகிறோம். அதிலும் ஐந்து தளத்துக்கு ஐந்து நிறம் அடித்து, அதில் இரண்டு ஏறக்குறைய ஒரே பச்சையாக அமைந்துவிடுவதும் உண்டு. ஒரு தளத்துக்கு மல்லிகை, இன்னொன்றுக்கு மயில் என்று வைத்தால் செலவு ஒன்றும் கூடாது.

“போன்ல மேப்ஸ் பாத்தா தெரியாதா?” என்று மாமியாரே கேட்டார். மைத்துனரின் போனில் பார்க்கிங் இடம் பதிவாகித்தான் இருந்தது. கட்டடத்தின் தலையில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சிக்னல் மிகமிகப் பலவீனமானது, இரண்டு கான்கிரீட் தளத்தைத் தாண்டி வராது. கட்டடத்துக்குள் நுழைந்தபின் போன் காட்டுவது கடைசியாக வானம் தெரிந்த இடத்தையோ, சுற்றியுள்ள வைஃபையை வைத்துப் போட்ட ஊகத்தையோதான். புள்ளி துல்லியமாகவே விழுந்தாலும் அது மேலிருந்து பார்க்கும் படம். ஐந்து சி-14-க்கும் ஒரே புள்ளி. இடத்தைச் சேமிக்கும்போது குறிப்பு எழுத வசதி இருந்தால் அதில் தளத்தை எழுதுங்கள், அந்தப் புள்ளியைவிட அந்தக் குறிப்புதான் உதவும்.

பல போன்களில் காற்றழுத்தம் அளக்கும் உணரி இருக்கிறது, அதை வைத்து மாடி கண்டுபிடிக்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேள்வி சரிதான். ஒரு மாடி ஏறினால் அழுத்தம் சுமார் 0.35 மில்லிபார் குறையும், நல்ல உணரிக்கு அது தெரியும். சில நிமிடத்துக்குள் எத்தனை மாடி ஏறினோம் என்பதை அதனால் சொல்ல முடியும். ஆனால் நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் காற்றழுத்தம் கடலைப் போலத் தினமும் ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் தாழ்வு, இடையில் மூன்று மில்லிபார் வரை வித்தியாசம். மாடிக் கணக்கில் அது எட்டு, ஒன்பது மாடி. மைத்துனர் காரை நிறுத்தியது காலை பத்தரைக்குமேல், நான் தேடியது மாலை நாலு மணிக்கு. காலையில் குறித்துவைத்த அழுத்தத்தை நம்பியிருந்தால் தரைத்தளத்தையும் தாண்டிப் பூமிக்குள் தேடியிருப்பேன்.

சாவி பொத்தானை அழுத்தி ஹாரன் கேட்பது எல்லோரும் செய்வது. ஒரே தளத்தில் இருந்தால் உதவும். தாழ்ந்த கூரையும் வெறும் கான்கிரீட்டும் சத்தத்தை நாலாபக்கமும் எதிரொலிக்க வைப்பதால், கார் இருக்கிறது என்பது காதுக்குத் தெரியும், எங்கே என்பது தெரியாது. அரைத்தளக் கட்டடத்தில் நடுப்பிளவு திறந்தே இருப்பதால், பக்கத்து அரைத்தளத்தின் சத்தம் உங்கள் தளத்தில் கேட்பது போலவே கேட்கும். கண்ணை நம்புவது மேல். அழுத்திவிட்டுக் கூரையைப் பாருங்கள். மஞ்சள் விளக்கு மின்னுவது அடிப்பக்கக் கான்கிரீட்டில் பட்டுத் தெரியும்.

சில புதிய பார்க்கிங்குகளில் ஒவ்வொரு இடத்துக்கும் மேலே பச்சை, சிவப்பு விளக்கு தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர்ல என் வண்டி எங்கன்னு பாருங்க” என்று ஊழியரோடு சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கோடு இருப்பது அல்ட்ராசானிக் உணரி மட்டும் என்றால், அதற்கு அங்கே ஏதோ ஒரு கார் நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும், யாருடையது என்பது தெரியாது. நுழைவாயிலில் ஃபாஸ்டேக் படிக்கும் கருவிக்கும் அதே கதைதான், நீங்கள் எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள் என்பது தெரியும், எங்கே நிறுத்தினீர்கள் என்பது தெரியாது. இடத்துக்கு இடம் கேமரா வைத்து நம்பர் பிளேட்டைப் படிக்கும் அமைப்பு இருந்தால் மட்டுமே, திரையில் கடைசி நாலு எண்ணைத் தட்டி காரின் படத்தோடு இடத்தைப் பார்க்கலாம். அங்கேயும், தலைவர் படம் ஒட்டிய, எழுத்தை வளைத்து எழுதிய பிளேட்டுகளைக் கேமரா தப்பாகப் படிக்கும். முழு எண்ணில் கிடைக்காவிட்டால் எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தேடச் சொல்லுங்கள்.

எங்கள் கட்டடத்தில் இது எதுவும் இல்லை. இருந்தது ஒரு டோக்கன். மைத்துனர் அதை டாஷ்போர்டிலேயே வைத்துவிட்டார், நல்லவேளையாக ஆன்லைனில் கட்டுவதற்காக அதன் கியூஆர் கோடைப் படம் எடுத்திருந்தார். நுழைந்த நேரம்: 10:37.

அந்த நேரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். தரைத்தளத்து செக்யூரிட்டி அண்ணனிடம், “இன்னிக்கு காலைல பத்தரைக்கு மேல வந்த வண்டியெல்லாம் எங்கண்ணே அனுப்பினீங்க?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “ஓபி கூட்டம் ஒன்பதரைக்கே ஒண்ணு, ரெண்டு ரொம்பிடும் சார். மூணுல பாதி டாக்டருங்க இடம். பத்தரைன்னா நாலுதான். இல்லன்னா அஞ்சு.”

சி-14 என்பது இங்கே இன்னொரு வேலையும் செய்தது. அந்தக் கட்டடத்தில் ஏ முதல் டி வரை ஒரு பாதி, ஈ முதல் எச் வரை மறுபாதி. லிஃப்ட் நின்றது மறுபாதியில். ஆகவே கார் எந்தத் தளத்தில் இருந்தாலும் லிஃப்ட்டிலிருந்து அரை மாடி ஏறித்தான் ஆக வேண்டும். நான் லிஃப்ட்டை விட்டுவிட்டு, 14-ஆம் வரிசைக்கு அருகில் இருந்த படிக்கட்டைப் பிடித்தேன். தூண் நேர்செங்குத்தாகப் போகிறது, படிக்கட்டும் அதன் பக்கத்திலேயே நேராகப் போகிறது. ஒவ்வொரு தளத்திலும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் சி-14 தெரியும். தளத்தை முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. நாலரையில் கார் நின்றது. டாஷ்போர்டில் டோக்கன், பின்சீட்டில் மாமனாரின் செருப்பு.

தூண் மறந்து தளம் மட்டும் நினைவிருந்தால் தேடும் முறை மாறும். அப்போது படிக்கட்டு உதவாது. ராம்ப் வந்து சேரும் முனையில் போய் நின்று, தரையில் வரைந்த அம்பு காட்டும் திசையிலேயே நடங்கள். கார் எந்த வரிசையில் ஓடியதோ அந்த வரிசையில் நடந்தால், ஓட்டும்போது பார்த்த காட்சிகள் திரும்ப வரும். லிஃப்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே தளம் முன்பின் தெரியாத இடமாக இருக்கும். நிறுத்திய அன்று காரை ஓட்டிக்கொண்டு ஒரு வழியாக வந்து, நடந்து வேறு வழியாக வெளியேறியிருப்போம். திரும்பி வருவது அந்த நடந்த வழியில், அதுவும் தலைகீழாக. அதனால்தான் காரை விட்டுப் போகும்போது லிஃப்ட் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பலன் தருகிறது. திரும்பி வரும்போது கண்ணில் படப்போவது அந்தக் காட்சிதான். படம் எடுப்பதானாலும் காருக்குப் பக்கத்தில் எடுப்பதைவிட, லிஃப்ட் வாசலில் தளத்தின் எண்ணும் லிஃப்ட்டின் பெயரும் தெரிகிற மாதிரி எடுங்கள்.

விமான நிலையத்தில் லிஃப்ட் வாசலுக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. 2022 டிசம்பரில் திறந்த சென்னை விமான நிலைய அடுக்குமாடி பார்க்கிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு தளம், இரண்டாயிரத்துக்கு மேல் கார் நிற்கும், ஆனால் ஒரே கட்டடம் இல்லை. கிழக்கு, மேற்கு என்று இரண்டு. நாலு நாள் டெல்லியில் இருந்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு இறங்குகிறவர் முதலில் சரியாகச் சொல்ல வேண்டியது தளத்தை அல்ல, கட்டடத்தை. தவறான கட்டடத்தின் சரியான தளத்தில் எவ்வளவு நேரம் நடந்தாலும் கார் வராது.

காரைக் கண்டுபிடித்த பிறகு வெளியேறுவது எளிது என்று நினைத்தேன். மருத்துவமனை பார்க்கிங்கில் “வெளியே” என்ற சொல்லுக்கு மூன்று பொருள். ஓடும் மனிதன் படம் போட்ட பச்சைப் பலகை தீப்பிடித்தால் ஓடுவதற்கு. கண் உயரத்தில் ஒட்டிய பலகை நடப்பவருக்கு. தரையில் பெயின்ட்டால் வரைந்ததும் கூரையிலிருந்து தொங்குவதும்தான் காருக்கு. தலையை நிமிர்த்தி முதலில் தென்பட்டதைப் பின்பற்றினால் படிக்கட்டு வாசலில் போய் நிற்கலாம்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். அரைத்தளக் கட்டடத்தில் ஏறும் ராம்ப் ஒரு முனை, இறங்கும் ராம்ப் மறுமுனை. எங்கள் வரிசை ஒருவழி. காரைப் பின்னால் எடுத்து அம்புத் திசையில் போனால் முதலில் வாய் திறந்து நிற்பது ஏறும் ராம்ப். பழக்கத்தில் அதில் ஏறிவிட்டேன். ஐந்தாம் தளம் போய், வெயிலில் ஒரு சுற்று சுற்றி, திரும்ப இறங்கினேன். தரைக்கு மேலே நிற்கும்போது வெளியே போகும் வழி எப்போதும் கீழ்நோக்கித்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்து, முதல் ராம்ப்பைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். பேஸ்மென்ட்டில் இது அப்படியே தலைகீழ்.

கடைசி ராம்ப்பில் வரிசை. பார்வையாளர் நேரம் முடிகிற சமயம். ஒரே கேட், டோக்கனை வாங்கி ஸ்கேன் செய்து, சில்லறை கொடுத்து அனுப்ப ஒரு காருக்கு 20 நொடி என்று வைத்தால் மணிக்கு 180 கார். அறுபது கார் சேர்ந்து கிளம்பினால் கடைசிக் காருக்கு இருபது நிமிடம். லிஃப்ட் வாசலில் இருக்கும் கவுன்ட்டரில் பணம் கட்டிவிட்டு வந்தால் கேட்டில் நிற்கும் நேரம் குறையும். ஆனால் கட்டியபின் வெளியேறக் கொடுக்கும் நேரம் பல இடங்களில் பத்துப் பதினைந்து நிமிடம்தான். காரைத் தேட வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், முதலில் கட்டிவிட்டுத் தேடக் கூடாது. தேடிக் கண்டுபிடித்துவிட்டுக் கட்டவும் முடியாது, கவுன்ட்டர் கீழே இருக்கிறது. போனில் கட்ட முடிகிற இடமாக இருந்தால் சீட்டில் உட்கார்ந்த பிறகு கட்டுவதுதான் சரியான நேரம்.

மறுநாள் காலை மைத்துனர் மறுபடி காரை எடுத்துப்போனார். இந்த முறை படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. தூண் பளிச்சென்று, எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக: ஈ-9.

“தளம் எங்கே மாப்ளே?” என்று கேட்டேன்.

“படத்துலயே இருக்கே அத்தான், பெரிசா தெரியுதே” என்று பதில் வந்தது.